நல்லெண்ணெயில் ஒரு சுழி காணாமல் போன கதை

செக்கடித் தெரு: பாளையங்கோட்டையில் லேபிள் வடிவமைக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். போன மாசம் சுரண்டைப் பக்கத்துச் செக்குக்காரர் ஒருத்தருக்கு 500 லேபிள் அடித்துக் கொடுத்தேன். அவருடைய வாடிக்கையாளர் ஒருத்தர் பாட்டிலைப் படம் எடுத்து, “நல்லெண்னெய்னு போட்டிருக்கீங்க, மூணு சுழிக்கும் ரெண்டு சுழிக்கும் வித்தியாசம் தெரியாதா” என்று அனுப்பிவிட்டார். செக்குக்காரர் நேரே என் கடைக்கு வந்து நின்றார். கையில் லேபிளைப் பார்த்தால் ‘ண’ சரியாக இருக்கிறது. படத்தைப் பார்த்தால் எனக்கே ‘ன’ என்றுதான் தெரிகிறது! முதல் ‘ண்’ நன்றாகத் தெரிய, இரண்டாவது மட்டும் எப்படிச் சுழியை இழந்தது? உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

கேமரா தம்பி: போன் லென்ஸ்தான் காரணம் அண்ணாச்சி. அகல லென்ஸ் ஓரத்தை வளைக்கும். நான் நகைக்கடைக்குப் படம் எடுக்கும்போது 2x வைத்தாலே சரியாகிவிடும்.

பழைய ஸ்டூடியோ: பாதி சரி தம்பி. நின்ற இடத்திலேயே நின்று ஜூம் பண்ணினால் படம் பெரிசாகும், அவ்வளவுதான், கோணம் அதேதான். பின்னால் போய் நின்று ஜூம் பண்ணினால் பலன் உண்டு. ஆனால் இங்கே முக்கியமான கோளாறு லென்ஸ் இல்லை, பாட்டிலே உருளையாக இருப்பதுதான். செக்கடித் தெரு, பாட்டில் குறுக்களவு எவ்வளவு?

செக்கடித் தெரு: 7 செ.மீ. ‘நல்லெண்ணெய்’ மட்டும் 10 செ.மீ. அகலம். நடுவில் ஒட்டியிருக்கிறது.

பழைய ஸ்டூடியோ: அப்படியானால் பேர் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 5 செ.மீ. ஓடுகிறது. ஒரு சோதனை செய்யுங்கள். கிராப் பேப்பரை ஒரு பட்டையாக வெட்டிப் பாட்டிலைச் சுற்றி ஒட்டி, தூரத்திலிருந்து படம் எடுத்து அளந்து பாருங்கள். நடுவிலிருந்து முதல் சென்டிமீட்டர் கிட்டத்தட்ட முழுசாக இருக்கும், மூன்றாவது முக்கால்தான் தேறும், நாலாவது பாதிக்குக் கொஞ்சம் மேல், ஐந்தாவது கால் பங்கை ஒட்டி நிற்கும். உங்கள் இரண்டாவது ‘ண’ நாலாவது சென்டிமீட்டரில் விழுந்திருக்கும். உயரம் குறையாமல் அகலம் மட்டும் பாதியாகிவிட்டால் சுழிகளுக்கு நடுவே இருக்கிற வெள்ளை அடைபட்டுப்போகும், மூன்று சுழி இரண்டாகத் தெரியும். அவர் எவ்வளவு கிட்டத்தில் எடுத்தார்?

செக்கடித் தெரு: ஒரு சாண் கூட இருக்காது. கடைசி ‘ய்’ படத்திலேயே இல்லை.

பழைய ஸ்டூடியோ: அதேதான். கிட்டே போகப் போக ஓரம் பாட்டிலுக்குப் பின்னால் மறைந்துவிடும். பாட்டிலின் நடு அச்சிலிருந்து 15 செ.மீ.யில் கேமரா இருந்தால் அரைப் பாட்டில்கூடத் தெரியாது. ஒரு மீட்டர் தள்ளிப் போனால் கிட்டத்தட்ட பாதி தெரியும்.

மதியச் சாப்பாடு: நானும் பார்த்திருக்கிறேன். தண்ணி நிரப்பின கண்ணாடிப் பாட்டிலுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிப் பேப்பரை வைத்தால் எழுத்து வலம் இடமாகத் திரும்பிவிடும். எங்க பிள்ளைகள் அதை வைத்தே விளையாடும்.

பழைய ஸ்டூடியோ: அது தண்ணி லென்ஸ் மாதிரி வேலை பார்ப்பது. நாம் பேசுவது வெளியே ஒட்டின லேபிளை.

கோடு எழுதுபவன்: படத்தைக் கணக்குப் போட்டு விரிக்கலாம். பாட்டில் ஆரம் R, படத்தில் நடுவிலிருந்து x தள்ளி இருந்தால் லேபிளில் உண்மையான தூரம் இது:

```
s = R * asin(x / R)
```

கிட்டத்தில் எடுத்த படத்துக்கு இது அப்படியே பொருந்தாது. நான் ஒரு டானிக் பாட்டிலின் தேதியை வாசிக்க இதைச் செய்தேன். ஓரத்தில் இருந்த எழுத்து அகலமாச்சு, ஆனால் கலங்கலாகத்தான் வந்தது. பசையாய் ஒட்டிப்போன சுழியைக் கணக்கு பிரித்துத் தராது. கடைசியில் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலு படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் நடுப்பகுதியை மட்டும் வெட்டி ஒட்டினேன். அதுவும் ஒரு எண் மட்டும் 8ஆ 3ஆ என்று இன்றுவரை தெரியவில்லை. அதன் இடது பாதியில் டியூப்லைட் வெளிச்சம் வெள்ளைக் கோடாக விழுந்துவிட்டது.

கல்வெட்டுக்காரன்: உருண்டைத் தூணில் கல்வெட்டு இருந்தால் எங்களுக்கும் இதே தொல்லைதான். அதனால் படத்தை நம்ப மாட்டோம். நனைத்த தாளைக் கல்லோடு சுற்றி ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எடுப்போம். காய்ந்ததும் உரித்து விரித்தால் எழுத்து தன் அகலத்திலேயே கிடக்கும். எண்ணெய் பாட்டிலில் பண்ணிப் பார்க்காதீர்கள், லேபிளே கையோடு வந்துவிடும்.

செக்கடித் தெரு: கிராப் பேப்பர் ஒட்டிப் பார்த்தேன், ஸ்டூடியோ அண்ணாச்சி சொன்னபடியே வந்தது. செக்குக்காரரிடம் காட்டியதும் கோபம் தணிந்துவிட்டது. அடுத்த அச்சில் பேரை 6 செ.மீ.க்குள் அடக்கப் போகிறேன். இல்லையென்றால் ‘நல்ல’ மேலே, ‘எண்ணெய்’ கீழே என்று பிரித்துவிடலாமா என்றும் யோசனை.

கேமரா தம்பி: பிரிக்க வேண்டாம். ஓரத்து எழுத்தை மட்டும் அகலமாகப் போட்டால் படத்தில் சரியாகத் தெரியுமே?

பழைய ஸ்டூடியோ: நேரே பார்த்தால் தெரியும். அலமாரியில் பாட்டில் கொஞ்சம் திரும்பி நின்றால் அந்த ‘ண’ ஊதிப்போய் நிற்கும்.

செக்கடித் தெரு: இரண்டையும் ஒவ்வொரு தாள் பிரிண்ட் எடுத்து ஒட்டிப் பார்க்கிறேன். செக்குக்காரருக்கு என்னவோ பெரிய எழுத்துதான் வேண்டுமாம்.