ஸ்பான்சர் பகுதி வந்ததும் என் குரல் மாறிவிடுகிறது, எப்படி எழுதுவது?

மொட்டைமாடி (பெங்களூரு)
ஒயிட்ஃபீல்டில் போர்வெல் தண்ணீரால் வாஷிங் மெஷின் டிரம்மில் வெள்ளையாக உப்பு படிகிறது. அதைச் சுத்தம் செய்வது பற்றி 11 நிமிட வீடியோ எடுக்கிறேன். உப்புக்கறை நீக்கும் பொடி கம்பெனி ஒன்று பணம் தருகிறது. அவர்கள் அனுப்பிய வரி: "மூணு மாசமா எங்க வீட்ல இதுதான். உங்க மெஷினுக்கும் இதையே போடுங்க!" பாக்கெட் வந்தே 9 நாள்தான் ஆகிறது. படித்துக் காட்டினேன், "யாரு பேசறது?" என்று மனைவி கேட்டாள்.

கே.ஆர்.புரம் குமார்
யூடியூப் ஸ்டுடியோவில் பெய்டு ப்ரமோஷன் டிக் போடுங்க. தொடக்கத்தில் 10 வினாடி தானாகவே காட்டும். சட்டம் அவ்வளவுதான். வாயால் சொன்னால் ஆள் ஓடிவிடும்.

எடிட்டர் அக்கா
டிக் வேண்டும் தம்பி, ஆனால் போதாது. அதற்கு மேல் நாமும் தனியாகச் சொல்ல வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கியின் 2021 விதி. 2 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க 'விளம்பரம்' என்ற லேபிள் திரையில் இருக்க வேண்டும்.

மொட்டைமாடி சார், மற்ற இடமெல்லாம் நீங்கள் "நான் இப்படிச் செய்தேன்" என்று பேசுகிறீர்கள். கம்பெனி வரி மட்டும் "நீங்க போடுங்க" என்கிறது. குரல் மாறுவது அதனால்தான். மூன்று மாதம் என்பது பொய், அதை விட்டுவிடுங்கள். எப்படியும் டிரம்மைத் திறந்து காட்டுவீர்களே, அங்கேயே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"இந்தப் பொடியை அனுப்பி, இந்தப் பகுதிக்குக் காசும் கொடுத்திருக்காங்க. வந்து 9 நாள் ஆச்சு, ரெண்டு தடவை போட்டேன். டிரம்ல வெள்ளை போச்சு. கதவு ரப்பர் மடிப்புல போகலை, பிரஷ் வெச்சுத் தேய்ச்சேன்."

காசு என்ற சொல் முதல் வாக்கியத்திலேயே வரட்டும். பாராட்டி முடித்த பிறகு சொன்னால் பார்ப்பவருக்கு ஏமாந்த மாதிரி இருக்கும்.

ரசம் பாட்டி
எனக்கு ஒரு மிக்ஸி சும்மா அனுப்பினார்கள். காசு வாங்கவில்லை. நானும் சொல்லணுமா?

எடிட்டர் அக்கா
சொல்லணும் பாட்டி. இலவசப் பொருளும் கணக்கில் வரும். "அவங்களே அனுப்பினது" என்று சொல்லிவிட்டு அரைக்க ஆரம்பிங்க. லேபிளும் போடுங்க.

கே.ஆர்.புரம் குமார்
லேபிள் விஷயம் தெரியாது, சரி. ஆனால் ரப்பர் மடிப்பு வரியை எந்தக் கம்பெனி விடும்?

மொட்டைமாடி (பெங்களூரு)
அனுப்பினேன். 9 நாளுக்குச் சம்மதம், ரப்பர் வரியை வெட்டச் சொல்கிறார்கள். பொடியைக் குறை சொல்லாமல், "ரப்பருக்கு எப்பவுமே பிரஷ்தான்" என்று அடுத்த ஷாட்டில் தேய்த்துக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

எடிட்டர் அக்கா
பொடியை ரப்பரில் போட்டும் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் "எப்பவுமே" என்பது கொஞ்சம் நழுவல்தான் சார்.

மொட்டைமாடி (பெங்களூரு)
போட்டுப் பார்த்தேன் அக்கா. அதுதான் உறுத்துகிறது.