எக்ஸ்பென்ஸில் 1,620 ரூபாய் வெட்டிவிட்டார்கள், காரணம் புரியவில்லை

மதுரை_பை
வணக்கம். போன மாதம் 11,192 கிளெய்ம் போட்டேன். இன்று அக்கவுன்ட்டில் 9,572தான் ஏறியிருக்கிறது. 1,620 குறைகிறது. மேனேஜரைக் கேட்டால் "சிஸ்டம் கணக்கு, ஹெட் ஆபீஸைக் கேள்" என்கிறார். அங்கே போன் எடுப்பதில்லை. டூர் போனது உண்மை, தினசரி வேலை ரிப்போர்ட்டான டிசிஆர் எல்லாம் போட்டிருக்கிறேன். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? அவசரம், லாட்ஜ் பணமே கைக்காசுதான்.

பெட்டிதூக்கி
என்ன ரேட், எத்தனை டூர் என்று ஒன்றுமே சொல்லாமல் எப்படி ப்ரோ?

நெல்லைபைக்
கிலோமீட்டர்தான் வெட்டியிருப்பார்கள். கூகுள் மேப்பில் ஒன்று காட்டும், கம்பெனி சார்ட்டில் ஒன்று இருக்கும். எனக்கு ஒவ்வொரு ஊருக்கும் 3, 4 கிலோமீட்டர் குறைவு. மாதம் முழுக்கச் சேர்த்தால் பெரிய தொகை. மேப் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயில் போடுங்கள்.

சீனியர்1998
வேலைக்குச் சேரும்போது எக்ஸ்பென்ஸ் சர்க்குலர் கொடுத்திருப்பார்களே, அதைப் படித்தீர்களா? இப்போது வரும் பசங்கள் யாரும் படிப்பதில்லை, பணம் குறைந்ததும் இங்கே ஓடி வருவார்கள். நாங்கள் எல்லாம் கார்பன் பேப்பர் வைத்து எழுதிய காலத்தில் ஒரு ரூபாய் வெட்டு வாங்கியதில்லை.

ஆடிட்அக்கா
பத்து வருடம் ஒரு பார்மா கம்பெனி ஹெட் ஆபீஸில் ஃபீல்டு எக்ஸ்பென்ஸ் செக் பண்ணும் செக்ஷனில் இருந்தேன். தம்பி, நாலு விஷயம் சொல்லுங்கள், பார்த்துவிடலாம். ஹெட்குவார்ட்டர்ஸ், வெளியூர் போய் அன்றே வீடு திரும்பும் எக்ஸ், ராத்திரி தங்கும் அவுட்ஸ்டேஷன் மூன்றுக்கும் தினப்படி, அதாவது டிஏ, எவ்வளவு? கிலோமீட்டருக்கு எவ்வளவு? எந்தத் தேதியில் எந்த ஊரில் வேலை பார்த்தீர்கள், ராத்திரி எங்கே தங்கினீர்கள்? கடைசியாக, எல்லா டிசிஆரும் அந்தந்த நாளே போட்டதா?

தபால்காரன்
நண்பரே, டிஏ நேரக் கணக்கில் வரும். ஹெட்குவார்ட்டர்ஸை விட்டு 6 மணி நேரத்துக்குள் திரும்பினால் 30 சதவீதம், 6 முதல் 12 வரை 70, அதற்கு மேல் முழுத் தொகை. புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் போட்டீர்களா? டிஏ பில்லை 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும், அதையும் பாருங்கள்.

பெட்டிதூக்கி
தபால்காரன் அண்ணே, அது மத்திய அரசு ஊழியர் ரூல். இவர் மெடிக்கல் ரெப். எங்களுக்கு மணி கணக்கு கிடையாது, ஊர் கணக்குதான்.

தபால்காரன்
தலைப்பில் அப்படி இல்லையே. எனக்கும் போன வருடம் 70 சதவீதம்தான் கொடுத்தார்கள், அந்த நினைப்பில் எழுதினேன்.

மதுரை_பை
சாரி, வேலையில் இருந்தேன். ஹெட்குவார்ட்டர்ஸ் மதுரை, டிஏ 250. எக்ஸ் 300, அவுட்ஸ்டேஷன் 600. கிலோமீட்டருக்கு 3 ரூபாய். மாதம் 2 டூர், இரண்டும் ஒரே மாதிரி. செவ்வாய் மதுரை–தேனி, அங்கே தங்கல். புதன் கம்பம் போய்விட்டு மறுபடி தேனியில் தங்கல். வியாழன் ஆண்டிபட்டி பார்த்துவிட்டு மதுரை. மீதி உசிலம்பட்டி பக்கம் எக்ஸ் 5 நாள், லோக்கல் 14 நாள்.

பெட்டிதூக்கி
கண்டுபிடித்துவிட்டேன்! 1,620ஐ மூன்றால் வகுத்தால் 540. ஒரு டூருக்கு 540 வெட்டு. மூன்று டூர் போயிருக்கிறீர்கள், ஒன்றை மறந்துவிட்டீர்கள்.

மதுரை_பை
இல்லை ப்ரோ, சத்தியமாக 2 டூர்தான்.

ஆடிட்அக்கா
540 என்ற எண் சரிதான், பெட்டிதூக்கி பாதி தூரம் வந்துவிட்டார். டூரை நாள்வாரியாகப் பிரிப்போம். கம்பெனியின் தூர சார்ட்டான எஸ்எஃப்சியில் மதுரை–தேனி 76, தேனி–கம்பம் 40 என்று வைத்துக்கொள்கிறேன், சரியா என்று நீங்கள் சொல்லுங்கள்.

செவ்வாய் ஒரு வழி 76 கிலோமீட்டர், 228 ரூபாய், டிஏ 600. புதன் கம்பம் போய் வர 80 கிலோமீட்டர், 240 ரூபாய், டிஏ 600. வியாழன் ஆண்டிபட்டி திரும்பும் வழியிலேயே இருப்பதால் அதே 76, 228 ரூபாய், டிஏ 600. ஒரு டூருக்கு 2,496 கிளெய்ம் போட்டிருப்பீர்கள்.

முதல் வெட்டு வியாழக்கிழமையில் இருக்கிறது. அன்று ராத்திரி நீங்கள் வீட்டில் படுத்தீர்கள். 600 என்பது சாப்பாட்டோடு லாட்ஜுக்கும் சேர்த்துக் கொடுப்பது. அதனால் திரும்பி வரும் நாளைப் பல கம்பெனிகள் எக்ஸ் என்றுதான் எடுக்கும். 600 போட்டதற்கு 300. தங்கிய ராத்திரி எத்தனையோ, அத்தனை அவுட்ஸ்டேஷன் டிஏ என்று எண்ணிப் பாருங்கள், தப்பாது.

மீதி 240 அப்படியே புதன்கிழமை ஃபேர். இதுதான் எனக்குச் சந்தேகம். ஸ்டேட்மென்ட்டில் `Remarks` என்று ஒரு பத்தி இருக்கும், என்ன போட்டிருக்கிறது?

மதுரை_பை
அப்படி ஒன்றும் இல்லையே அக்கா. `Claimed`, `Passed` இரண்டுதான் தெரிகிறது.

ஆடிட்அக்கா
மொபைலில் பார்க்கிறீர்களா? அந்த டேபிளை விரலால் இடது பக்கம் தள்ளுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் திறங்கள்.

சீனியர்1998
திரும்பும் நாள் எக்ஸ் என்பது எல்லாக் கம்பெனியிலும் உண்டு. இதைக்கூடத் தெரியாமல் ரெப் வேலைக்கு வந்தால் எப்படி?

ஈரோடுசேல்ஸ்
எல்லாக் கம்பெனியிலும் கிடையாது சார். நான் விதை கம்பெனி. எங்களுக்குத் திரும்பும் நாளும் முழு டிஏ உண்டு, ஆனால் லாட்ஜ் பில் தனியாகக் கொடுக்க வேண்டும். பில் இல்லையென்றால் லாட்ஜ் பணம் இல்லை. ரூல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

சீனியர்1998
நான் பார்மாவைச் சொன்னேன்.

நெல்லைபைக்
டிஏ இருக்கட்டும், 3 ரூபாய் எப்படிக் கட்டுபடியாகிறது? பெட்ரோல் 100க்கு மேல். என் பைக் 45 கொடுக்கிறது. பெட்ரோலே கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 25 காசு. மிச்சம் 75 காசில் டயர், ஆயில், செயின் ஸ்ப்ராக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் பார்க்க வேண்டும். பின் டயர் மட்டும் போன மாதம் மாற்றினேன், அந்த 75 காசு எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஈரோடுசேல்ஸ்
பஸ்ஸில் போங்கள் சார். ஃபேர் தூரத்துக்குத்தான், வண்டிக்கு இல்லை. 76 கிலோமீட்டருக்கு 228 ரூபாய் தருகிறார்கள், பஸ் டிக்கெட் அதைவிட எவ்வளவோ குறைவு.

நெல்லைபைக்
பஸ்ஸில் இறங்கி பத்து டாக்டரை யார் பார்ப்பது? பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஆட்டோ பிடித்தால் அந்த மிச்சமும் போய்விடும். பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து பார்த்தால் தெரியும்.

பெட்டிதூக்கி
தேனிக்குப் பஸ், உள்ளூருக்கு அங்கே இருக்கும் நண்பர் வண்டி. நான் அப்படித்தான். இதில் தப்பு ஏதும் உண்டா அக்கா?

ஆடிட்அக்கா
சர்க்குலரில் "பொதுப் போக்குவரத்துக்கு டிக்கெட் இணைக்கவும்" என்று இல்லாதவரை தப்பில்லை. ரேட் போதுமா என்பதற்குத் தனி இழை போடுங்களேன், இங்கே அந்தத் தம்பி பணத்துக்காக நிற்கிறார்.

மதுரை_பை
அக்கா, தள்ளினால் வருகிறது! இரண்டு புதன்கிழமையிலும் `Route not in SFC` என்று இருக்கிறது. 27ஆம் தேதி உசிலம்பட்டி முழுதாக 0. அதில் `DCR not released` என்று போட்டிருக்கிறது. அன்று நெட்வொர்க் இல்லை, 30ஆம் தேதிதான் போட்டேன். போட்டபோது ஆப் எடுத்துக்கொண்டதே?

ஆடிட்அக்கா
அதுதான் உங்கள் மூன்றாவது 540. உசிலம்பட்டி போக வர 80 கிலோமீட்டர், 240 ரூபாய். எக்ஸ் டிஏ 300. தற்செயலாக அதே எண் வந்ததால்தான் பெட்டிதூக்கி மூன்றாவது டூரைத் தேடினார்.

ஆப் எடுத்துக்கொள்வது வேறு, ரிலீஸ் ஆவது வேறு. பெரும்பாலான கம்பெனிகளில் இத்தனை நாள் தாண்டினால் டிசிஆர் லாக் ஆகிவிடும். நீங்கள் போட்டது மேனேஜர் திறந்துவிடுவதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். அவர் ரிலீஸ் செய்யாவிட்டால் சிஸ்டத்துக்கு அன்று நீங்கள் வேலைக்கே வரவில்லை. டிஏ, ஃபேர் இரண்டும் போகும். சில இடத்தில் லீவிலும் ஒரு நாள் குறைப்பார்கள், அதையும் பாருங்கள்.

புதன்கிழமைக்கு வருவோம். உங்கள் எஸ்எஃப்சியில் மதுரையிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் தூரம் இருக்கும். தேனியில் தங்கிக்கொண்டு கம்பம் போகும்போது சிஸ்டம் தேனி–கம்பம் என்ற வரியைத் தேடுகிறது. அது இல்லை, அதனால் ஃபேர் 0. டிஏ மட்டும் வந்துவிட்டது. இதை நீங்கள் சரி செய்ய முடியாது. மேனேஜர்தான் புது ரூட் ப்ரபோஸ் பண்ண வேண்டும், அப்புறம் ஹெட் ஆபீஸ் அப்ரூவல். வழக்கமாக அப்ரூவ் ஆன தேதியிலிருந்துதான் பணம், பழையதற்குத் தர மாட்டார்கள். ஆனால் டூர் பிளானில் கம்பம் அப்ரூவ் ஆகியிருந்தால் அதையே ஆதாரமாக வைத்து அரியர்ஸ் கேட்கலாம். போன டூர் பிளானை இணைத்து மெயில் போடுங்கள், மேனேஜரையும் அதில் சேருங்கள். போனில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். விட்டுப்போன தொகையை அடுத்த மாதம் வேறு ஏதோ ஒரு நாளில் கிலோமீட்டரைக் கூட்டிப் போட்டு எடுக்கப் பார்ப்பார்கள் சிலர். டாக்டர் விசிட் லொகேஷனோடு ஒத்துப்போகாது. என் செக்ஷனில் அப்படிப் பிடிபட்டவருக்கு அந்த மாதக் கிளெய்மே நின்றது, மூன்று மாதம் ஆடிட் வேறு.

பெட்டிதூக்கி
எங்கள் ஏரியாவில் அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்.

ஆடிட்அக்கா
லொகேஷன் பார்க்காதவரை நடக்கும்.

சீனியர்1998
எஸ்எஃப்சியை ஏப்ரலிலேயே உட்கார்ந்து சரி பார்த்திருக்க வேண்டும். ரூட் விட்டுப்போனது மேனேஜர் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேட் டிசிஆருக்குப் பணம் கேட்பது நியாயமில்லை.

ஈரோடுசேல்ஸ்
நெட்வொர்க் இல்லாத ஊரில் என்ன சார் செய்வது? உசிலம்பட்டிக்கு உள்ளே கிராமத்து கிளினிக் என்றால் சிக்னல் ஒரு கோடுதான்.

சீனியர்1998
ராத்திரி வீட்டுக்கு வந்துதானே தூங்கினார்? மதுரையில் சிக்னல் இல்லையா?

மதுரை_பை
மேனேஜரிடம் பேசினேன். ரூட் ப்ரபோஸ் பண்ணிவிட்டார், 480க்கு மெயில் போட்டாயிற்று. 27ஆம் தேதியை ரிலீஸ் பண்ணப் "பார்க்கிறேன்" என்றார், அதற்கு மேல் பேச்சில்லை. வியாழக்கிழமை 600 போனது போனதுதான். அக்காவுக்கு நன்றி.

நெல்லைபைக்
அப்படியே மேப் ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியிருக்கலாம்.

தென்காசிரெப்
இதே இழையில் கேட்டுவிடுகிறேன். ஜாயின்ட் ஒர்க் அன்று மேனேஜர் கார் எடுத்து வந்து அதிலேயே கூட்டிப்போனார். எனக்கு அன்றைய கிலோமீட்டர் கிளெய்ம் உண்டா? அவரும் போட்டிருக்கிறார், நானும் போட்டுவிட்டேன்.