ஒரு நாளைக்கு மூணு பேட்டியா, அஞ்சா?

கணக்குப்பிள்ளை:
"சாவு வீட்டுக்குப் போய்ப் பேட்டி எடுக்கிறவருக்கு மனசு தாங்கலைன்னா அவர் வேற வேலை பார்க்கலாம். ஒரு நாளைக்கு மூணு பேட்டிக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு ஒரு பெரிய மனுஷி பயிற்சி வகுப்பில் சொல்லிட்டுப் போயிருக்காங்க. மூணு! இது ஆராய்ச்சியா, சுற்றுலாவா?"

களத்துமேடு:
அந்தப் பெரிய மனுஷி நான்தான், தம்பி. நேரிலேயே கேட்டிருக்கலாம், பின் வரிசையில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்.

பதினொரு வருடமாக வெர்பல் அட்டாப்சி குழுக்களுக்கு, அதாவது இறந்தவர் வீட்டாரிடம் கேட்டுச் சாவுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் குழுக்களுக்கு, மேற்பார்வை பார்க்கிறேன். என் குழுவில் ஒரு பெண் ஒரே நாளில் ஐந்து படிவம் முடித்தாள். கடைசி இரண்டும் பிறந்த சில நாளில் போன குழந்தைகள். அந்தப் படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பிறந்ததும் அழுததா, மூச்சு விட்டதா, கை கால் அசைத்ததா, தோல் உரிந்திருந்ததா என்று தாயிடமே கேட்க வேண்டும். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "நடந்ததை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்லி, அதை அப்படியே எழுத வேண்டும். அந்தத் தாய் இரண்டு தடவை சொல்கிறாள், இவளும் இரண்டு தடவை கேட்கிறாள்.

அவள் அழவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து படிவம்தான் சொன்னது. பதினைந்து வரி எழுதுகிறவள் மூன்று வரி எழுதினாள். "இல்லை" கட்டத்தில் டிக் வரிசையாக இறங்கியது. ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: "ஆம்" என்று போட்டால் எத்தனை நாள், எவ்வளவு கடுமை என்று அடுத்த கேள்விகள் திறக்கும். "இல்லை" என்றால் அப்படியே தாண்டிப் போகலாம். அவள் சோம்பேறி இல்லை. அந்த வீட்டிலிருந்து சீக்கிரம் வெளியே வர அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

கணக்குப்பிள்ளை:
கதை நன்றாக இருக்கிறது. மூன்று என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். சென்னையில் 1995 முதல் 1997 வரை இறந்த 48,000 பெரியவர்களுக்கு வெர்பல் அட்டாப்சி எடுத்தார்கள். அப்புறம் விழுப்புரம் கிராமங்களில் 32,000. எல்லாம் மூன்று மூன்றாகவா எடுத்தார்கள்?

களத்துமேடு:
80,000 படிவம் நிரம்பியது என்பதற்கு அது சான்று. நிரப்பியவர்கள் ராத்திரி தூங்கினார்களா என்பதற்குச் சான்று இல்லை.

வேலூர்க்காரன்:
பாதுகாப்பு பற்றிப் பேசுகிறீர்கள், நல்லது. எனக்குத் தெரிந்து பெரிய ஆபத்து நாய்தான். போன வருடம் என்னை இரண்டு தடவை கடித்தது. நிறுவனம் ஊசிக்குக் கூடக் காசு தரவில்லை.

அரைக்கிணறு:
அண்ணே, இங்கே நாய் இல்லை, மனசு.

மூன்றோ ஐந்தோ, அது வீண் சண்டை. சாயங்காலம் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, அன்றைக்குக் கேட்டதை ஒருத்தர் விடாமல் சொல்ல வைத்தால் போதும். டீபிரீஃபிங். பெண்கள் மீதான வன்முறை ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2001இல் போட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது.

களத்துமேடு:
பாதி சரி. பேட்டியாளர்களோடு அடிக்கடி உட்கார்ந்து பேச வேண்டும் என்று அதில் இருக்கிறது. "விடாமல் சொல்ல வைப்பது" நீங்களாகச் சேர்த்தது. அதிர்ச்சிக்குப் பிறகு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் முறையை, பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் ஆய்வு 2002இல் அலசிப் பார்த்தது. பின்னால் வரும் பாதிப்பை அது தடுத்ததாகத் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் ஆகியிருக்கிறது. அதிலும் ஒருத்தி கேட்ட கதையை மற்ற ஐந்து பேர் காதிலும் ஊற்றினால் ஆறு பேருமே கேட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். நான் கேட்பது "இன்றைக்கு எந்த வீடு பாரமாக இருந்தது, நாளைக்கு யார் மாற்றிக்கொள்ள வேண்டும்" என்பது மட்டும்தான். காரணம் சொல்ல வேண்டாம். அதையும் படிவத்தில் தப்பு பிடிக்கும் மேற்பார்வையாளர் கேட்கக் கூடாது. அவரிடம் எவள் வாய் திறப்பாள்?

அரைக்கிணறு:
காக்ரேன் அலசியது தங்களுக்கே விபத்தும் அதிர்ச்சியும் நேர்ந்தவர்களைப் பற்றி. சம்பளத்துக்குப் போய்க் கேட்டு வந்தவர்களைப் பற்றி இல்லை. அதை இங்கே கொண்டு வந்து ஒட்டுவது நியாயமா அக்கா?

களத்துமேடு:
நியாயமில்லாமல் இருக்கலாம். ஆனாலும் என் குழுவில் வட்டம் கிடையாது.

கணக்குப்பிள்ளை:
மூன்று எங்கே இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 600 இறப்பு, ஆறு பேர். ஆளுக்கு ஐந்து என்றால் 20 நாள். மூன்று என்றால் 34 நாள். அந்த 14 நாளுக்கு வண்டி வாடகை யார் தருவார்? உங்கள் பெரிய மனசா?

களத்துமேடு:
அந்தக் கணக்கில் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். அந்தப் பெண் படிவம் எழுதிய ஆய்வில் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துச் சாவுக்குக் காரணம் எழுத வேண்டும். மூன்று வரிக் கதையை வைத்து ஒருவர் கிருமித்தொற்று என்றார், இன்னொருவர் மூச்சுத்திணறல் என்றார். 41 படிவம் திரும்பி வந்தது. அந்த 41 வீட்டுக்கும் மறுபடி போய், அதே தாயிடம் "குழந்தை அழுததா" என்று மறுபடி கேட்டோம். போனது நான். வாடகை பற்றி அன்றைக்கு யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மூன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் அனுபவம். குழந்தைச் சாவு ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது, அதுவும் காலையில். கடைசி வீடாக அது வந்தால் பஸ்ஸில், சமையலில், படுக்கையில் கூடவே வரும். குழந்தையை இழந்தவளோ கர்ப்பிணியோ குழுவில் இருந்தால் அந்தப் படிவம் அவளிடம் போகாது. படிவத்தில் என்ன இருக்கிறது என்பதை வேலைக்கு எடுக்கும்போதே படிக்கக் கொடுத்துவிடுவேன்.

கணக்குப்பிள்ளை:
ஆக, புத்தகத்தில் இல்லை. ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

தட்டச்சு_சிவா:
நான் களத்துக்குப் போகிறவன் இல்லை. குடும்ப வன்முறை ஆய்வு ஒன்றுக்கு ஒலிப்பதிவைக் கேட்டு எழுதினேன். ஒரு மணி நேரப் பேட்டியை எழுதி முடிக்க எனக்கு ஐந்து மணி நேரம். புரியாத இடத்தைப் பத்து தடவை திருப்பிக் கேட்பேன். புரியாத இடம் பெரும்பாலும் அந்தப் பெண் அழும் இடம்தான். எடுத்தவர் ஒரு தடவை கேட்டார், எதிரே முகம் இருந்தது, தண்ணீர் கொடுத்தார். எனக்கு ஹெட்போனும் நிமிடத்துக்கு இத்தனை ரூபாயும். உங்கள் மூன்றில் நான் எங்கே வருகிறேன்?

வேலூர்க்காரன்:
நிமிடத்துக்கு எவ்வளவு தந்தார்கள்? எங்கே விண்ணப்பிப்பது?

களத்துமேடு:
சிவா, எங்கேயும் வரவில்லை. உங்களை நான் யோசிக்கவே இல்லை. நிமிடக் காசு என்றீர்களே, எங்கள் பக்கமும் அதே வியாதிதான். என் முதல் குழுவில் படிவத்துக்கு இத்தனை ரூபாய் என்று பேசியிருந்தார்கள். மூன்று என்று நான் சொன்னதும் பிள்ளைகளே என்னைத் திட்டினார்கள். இரண்டு படிவக் கூலி போகிறதே! நாள் சம்பளமாக மாற்றிய பிறகுதான், "இன்றைக்கு முடியவில்லை அக்கா" என்று முதல் தடவையாக ஒருத்தி வந்து சொன்னாள்.

கணக்குப்பிள்ளை:
நாள் சம்பளம் கொடுத்தால் மரத்தடியில் தூங்குவார்கள். 2017இல் உங்கள் குழு தூங்கியதை நானே பார்த்தேன்.

களத்துமேடு:
அன்றைக்கு மே மாதம், மதியம் இரண்டு மணி. நீங்கள் பார்த்தது ஏசி ஜீப்பிலிருந்து.

அரைக்கிணறு:
ஜீப் கதை ஆரம்பித்துவிட்டது. இனி ராத்திரி முழுக்க ஓடும்.

கணக்குப்பிள்ளை:
அது வாடகை ஜீப். சரி, அதை விடுங்கள். வீடு பூட்டியிருந்து திரும்பி வந்தால் அது மூன்றில் சேருமா, சேராதா?

களத்துமேடு:
சேராது.

கணக்குப்பிள்ளை:
வாசல் வரை போய், அந்தம்மா பேச மாட்டேன் என்று கதவைச் சாத்தினால்?

தட்டச்சு_சிவா:
அழுதுகொண்டே சாத்தினாலா, சும்மா சாத்தினாலா?

கணக்குப்பிள்ளை:
உங்களிடம் கேட்கவில்லை.