செலக்‌ஷனில் ஜனவரிப் பிள்ளைகளே தேறுகிறார்கள். உங்கள் பக்கம் எப்படி?

ஓரக்கோடு: 10 வயதுக்குட்பட்டோர் கால்பந்துப் பயிற்சி என் பொறுப்பு. வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் ஆரம்பம். தேறிய 16 பேரின் பிறந்த மாதத்தைப் பார்த்தால் ஜனவரி முதல் மார்ச் வரை 9 பேர், கடைசி மூன்று மாதத்தில் ஒரே ஒருவன். தேர்வாளர்கள் கையில் பிறந்த தேதிப் பட்டியலைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய விசில்: பட்டியல் மட்டும் போதாது தம்பி. நெதர்லாந்தில் தேர்வாளர்களை வைத்தே சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். தேதி தெரிந்தும் மூத்த பிள்ளைகளைத்தான் அதிகம் எடுத்தார்கள். ஜெர்சி எண்ணையே வயது வரிசையில் போட்ட பிறகுதான் அந்தச் சாய்வு போனது.

நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். மூத்தவனுக்கு 1, ஆக இளையவனுக்குக் கடைசி எண். ஒருமுறை 3-ஆம் எண் பையன் 21-ஐத் தோளால் இடித்துப் பந்தைப் பறித்தான். வழக்கமாக இருந்தால் ‘21 பலம் போதாது’ என்று எழுதி முடித்திருப்போம். எண்ணைப் பார்த்ததும் இருவருக்கும் பத்து மாத வித்தியாசம் என்று உறைத்தது. அப்புறம்தான் 21 என்ன செய்தான் என்று கவனித்தோம். பந்து வருமுன்பே பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, முதல் தொடுதலிலேயே காலி இடத்துக்குத் தட்டியிருந்தான்.

சென்டர்பேக்: இவ்வளவு எதற்கு? உயரம் பார்த்துப் பிரித்து ஆடவிட்டால் முடிந்தது. இங்கிலாந்து அகாடமிகளில் அதைத்தானே செய்கிறார்கள்?

பழைய விசில்: அங்கே வெறும் உயரம் இல்லை. வளர்ந்து முடிந்தால் எவ்வளவு உயரம் இருப்பான் என்று கணித்து, அதில் இப்போது எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறான் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். வளர்ச்சி திடீரென்று எகிறும் 11 முதல் 15 வயதுக்கு அது நல்ல வழி. ஆனால் பிறந்த மாதம் வேறு சங்கதி. டிசம்பரில் பிறந்தவனும் சீக்கிரம் வளரலாம். ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் அதனால் பெரிய பலன் இல்லை.

நீச்சல் அம்மா: என் மகள் டிசம்பர். கணக்கை ஜூலைக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்தால் நியாயம் கிடைக்குமா?

ஓரக்கோடு: உங்கள் மகளுக்குக் கிடைக்கும்மா, ஜூன் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். பெல்ஜியம் கால்பந்தில் 1997-இல் ஆகஸ்ட் கணக்கை ஜனவரிக்கு மாற்றினார்கள். சலுகையும் கூடவே ஜனவரிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது.

சென்டர்பேக்: சரி, கஷ்டப்பட்டு நிற்கிற சின்னவன்தான் பின்னால் பெரிய ஆளாகிறான் என்கிறார்களே. அப்படியே விட்டால் என்ன?

பழைய விசில்: நின்றவனைத்தான் நாம் பார்க்கிறோம். ஒதுக்கப்பட்டு விளையாட்டையே விட்டவன் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஓரக்கோடு: அடுத்த செலக்‌ஷனுக்கு எண் வரிசை போட்டுப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: கடைசி எண் கிடைத்தவன் ‘நான்தான் கடைசி’ என்று சுருங்கிவிட மாட்டானா?

பழைய விசில்: எங்களிடமும் ஒருவன் முகம் வாடினான். இப்போது 40-இலிருந்து தொடங்குகிறோம். ஆனாலும் இரண்டாவது ஆட்டத்துக்குள் பிள்ளைகள் வரிசையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வேறு யாராவது வழி வைத்திருந்தால் எழுதுங்கள்.