ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் சோதனை: நிர்வாகம் எப்படி ஒப்புக்கொண்டது?

ஓசூர் குவாலிட்டி: எங்களுடையது வண்டி பாகங்கள் செய்யும் மெஷின் ஷாப். ஏ ஷிப்ட் காலை 6 மணிக்கு, பி மதியம் 2, சி இரவு 10. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆள் சொல்லாமல் நின்றுவிடுவார், லைன் தள்ளாடும். அதனால் ஆளுக்கு ஆள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள 12 வாரம் விட்டுப் பாருங்கள் என்று 2024 பொங்கல் முடிந்ததும் எழுதிக் கொடுத்தோம். தீபாவளி நேரத்தில் ஆரம்பித்தால் லீவுக் கணக்கே குழம்பிவிடும்.

மேனேஜர் லீவு அதிகமுள்ள லைனில் செய்யச் சொன்னார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ரொம்ப மோசமாக இருக்கும் லைன் ஒன்றும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கும், அதை நம் பெயரில் எழுதினால் நாளைக்கு யாரும் நம்பமாட்டார்கள். ஒரே பாகம் ஓடும் இரண்டு லைனை எடுத்துச் சீட்டுக் குலுக்கினோம். முந்தைய 8 வாரப் பஞ்ச் பதிவையும் எடுத்து வைத்தோம். உற்பத்தி தொடர்ந்து இரண்டு வாரம் அடுத்த லைனைவிட 3 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நிறுத்துவோம் என்று எழுதினோம், அந்த வரியைப் படித்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

தரமணி தம்பி: எங்கள் ஆபீஸில் 11 மணிக்கு வந்தாலும் யாரும் கேட்பதில்லையே, இதற்குச் சோதனை எதற்கு அண்ணே?

ஓசூர் குவாலிட்டி: தம்பி, இங்கே கம்பெனி பஸ் மூன்று நேரம்தான்.

கேட் பாஸ்: நோட்டீஸ் போர்டில் போட்ட ஷிப்டை மாற்றவே கூடாது, சட்டம் அப்படி.

பழைய யூனியன்காரர்: பாதி சரி. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி, பதிவேட்டில் முன்கூட்டியே எழுதியபடிதான் ஆள் வேலை செய்யணும் என்று இருந்தது. முந்தின நாளே எழுதிவிட்டால் சரி, கேட்டில் வாய்மொழியாக மாற்றுவதுதான் வில்லங்கமாக இருந்தது. இன்னொன்று, 2023 ஏப்ரலில் சட்டசபையில் வந்த 12 மணி நேர மசோதா எதிர்ப்பு கிளம்பித் திரும்பப் போனது, அதிலிருந்து ‘நெகிழ்வு’ என்றாலே ஆட்களுக்குச் சந்தேகம். நாள் 8, வாரம் 48 மாறாது என்று முதல் வரியிலேயே போடுங்கள். பி முடித்து இரவு 10-க்குப் போனவர் காலை 6-க்கு ஏ ஷிப்டில் நின்றால் தூக்கம் எங்கே? ரிஜெக்‌ஷன்தான் ஏறும்.

ஓசூர் குவாலிட்டி: ஆமாம் சார், இரண்டு ஷிப்டுக்கு நடுவில் 16 மணி நேரம் இல்லாமல் மாற்றக் கூடாது என்று வைத்திருந்தோம். சொல்லாத லீவு எங்கள் லைனில் நூற்றுக்கு 11-லிருந்து 7 ஆனது, மற்ற லைனிலும் 10-லிருந்து 9 ஆனதால் 3 மட்டுமே எங்கள் கணக்கு என்று எழுதினோம். ரிஜெக்‌ஷன் ஏறவில்லை.

சுமதி_பேக்கிங்: சி ஷிப்ட் யார் தலையில் விழுந்தது என்று பார்த்தீர்களா? எங்கள் யூனிட்டில் கல்யாணமாகாத பையன்கள் காசு வாங்கிக்கொண்டு எல்லா இரவையும் எடுத்தார்கள்.

ஓசூர் குவாலிட்டி: இங்கேயும் அதே கதைதான் அக்கா. ஆளுக்கு மாதம் இத்தனை இரவு என்று வரம்பு போடலாம் என்றால் அந்தப் பையன்களே சண்டைக்கு வருகிறார்கள். அது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.