வெள்ளிக்கிழமை பாக்கெட்டில் கிடந்த முடி: தலைவலை, தாடி வலை அணிபவர்களின் அனுபவங்கள்

மார்த்தாண்டம் அருகே, ஏத்தங்காய் சிப்ஸ் தயாரிப்பகத்தின் பேக்கிங் மேற்பார்வையாளர்:

எங்கள் பேக்கிங் அறையில் 11 பெண்கள் வேலை செய்கிறார்கள். எல்லோரும் தலைவலை அணிகிறார்கள் என்று நான் உறுதியாக நம்பியிருந்த காலத்தில்தான், ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை பாக்கெட்டுக்குள் முடி இருப்பதாகக் கடைகளிலிருந்து புகார் வந்தது. இரண்டாவது பாக்கெட்டை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நீளமான கறுப்பு முடியின் ஒரு முனை உள்ளே சிப்ஸின் மேல் கிடந்தது; மறுமுனை, பாக்கெட்டின் வாயை ஒட்டிய சீல் கோட்டுக்குள் அகப்பட்டிருந்தது. வாய் ஒட்டும் நொடியில் அந்த முடி அங்கே இருந்திருக்கிறது. ஆகவே தோல் சீவும் இடத்தையோ எண்ணெய்ச் சட்டி நிற்கும் இடத்தையோ சந்தேகிக்க வேண்டியதில்லை, என் அறையைத்தான் நான் பார்க்க வேண்டும் என்று புரிந்தது.

இரண்டு பாக்கெட்டுகளின் தேதியும் வெள்ளிக்கிழமையாக இருந்தது. நம் ஊரில் பெண்கள் வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளிப்பது வழக்கம். ஏழரை மணிக்கு வேலைக்கு வர வேண்டியவர்கள் ஆறு மணிக்குக் குளித்துவிட்டு, ஈரம் காயாத முடியின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருகிறார்கள். அந்த ஈரத்தின் மேல்தான் நெட் ஏறுகிறது. உள்ளே புழுங்கித் தலை அரிக்கத் தொடங்கும். பத்தரை மணித் தேநீர் இடைவேளையில் நெட்டைக் கழற்றி முடியை உதறிக் காயவிடுவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நான் வராந்தாவில் நின்று இதைக் கவனித்தேன். அவர்கள் மேல்கோட்டுடன் நின்றபடி முடியை உதறினார்கள். பிறகு புதிய நெட்டைத்தான் அணிந்தார்கள், கையையும் முறையாகக் கழுவினார்கள். ஆனால் தோளிலும் முதுகிலும் விழுந்த முடிகள் கோட்டோடு அறைக்குள் வந்தன. சராசரியாக ஒருவருக்கு நாளுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்கின்றன. பின்னலுக்குள் சிக்கி நிற்கும் உதிர்ந்த முடிகள், தலைக்குக் குளித்து உதறும்போதுதான் மொத்தமாக வெளியே வருகின்றன.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலை வேதனைப்படும்போது யாராக இருந்தாலும் கழற்றத்தான் செய்வார்கள். ஆகவே எச்சரிக்கைப் பலகை எதையும் ஒட்டாமல், உடுத்தும் வரிசையை மாற்றினேன். வந்தவுடன் உடை மாற்றும் அறையில், கோட்டு போடுவதற்கு முன்பே, முடியை நன்றாகச் சீவி உதிர்ந்ததை அங்கேயே குப்பையில் போட்டுவிட வேண்டும். அதன் பிறகு நெட், அதற்கு மேல் முகக்கவசம், அதற்கும் பிறகுதான் கோட்டு, கடைசியாகக் கை கழுவுதல். இடைவேளையில் நெட்டைக் கழற்றத் தடையில்லை, ஆனால் முதலில் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும். உள்ளே நுழையும் வாசலில் ஒட்டும் உருளை ஒன்றை வைத்து, ஒருவர் முதுகை மற்றவர் உருட்டிவிடும்படி செய்தேன். தன் முதுகைத் தன்னால் பார்க்க முடியாது அல்லவா?

நெட்டின் அளவும் தவறாக இருந்தது. நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தது 18 அங்குல அளவு. இடுப்பு வரை முடி உள்ளவர் கொண்டை போட்டு அதை அணிந்தால், கொண்டை வலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். பிடரியில் உள்ள குட்டை முடிகள் வெளியே நிற்கும், நெற்றியில் எலாஸ்டிக் பதிந்து மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும். 24 அங்குலம் வாங்கிய பிறகு அந்த இழுவை நின்றது. முடியைத் தளர்வாகப் பின்னி, உச்சியில் தூக்கிக் கட்டாமல் பிடரிக்குச் சற்று மேலே மடித்து, துணி சுற்றிய ரப்பரால் கட்டச் சொல்கிறேன். கொண்டை ஊசியும் கிளிப்பும் கூடாது, அவையே பாக்கெட்டில் விழக்கூடிய பொருட்கள். நெட்டைப் பின்னாலிருந்து தொடங்கிக் கொண்டையை முதலில் உள்ளே விட்டு, காதுகளை மூடி, நெற்றிக்குக் கொண்டுவந்தால் பிடரி முடி தப்புவதில்லை.

இந்த மாற்றத்துக்குப் பிறகு நான்கு மாதங்களாகப் புகார் வரவில்லை. உங்கள் இடங்களில் ஈரத் தலையை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

குலசேகரம் பக்கம், அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரிப் பருப்பு ஆலையில் தரம் பிரிப்பவர்:

அக்கா, முடி உதிர்வதைப் பற்றி நீங்கள் எழுதியதால் என் கதையையும் சொல்கிறேன். ஒன்பது வருடமாக நெட் போட்டு, நெற்றியின் இரண்டு ஓரத்திலும் எனக்கு முடி குறைந்துவிட்டது. காற்றுப் போகாததால் வேர் செத்துவிடுகிறது என்று எங்கள் ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். நெட் போடாமல் இருக்க மருத்துவச் சான்று கிடைக்குமா?

மார்த்தாண்டம் மேற்பார்வையாளர்:

நான் கேட்டது பாக்கெட்டில் விழும் முடியைப் பற்றி, தங்கச்சி. ஆனாலும் உங்கள் கேள்வி முக்கியமானது. தெரிந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

தக்கலை, ஓய்வுபெற்ற செவிலியர்:

முடியின் வேருக்கு வேண்டிய பிராணவாயு இரத்தத்தின் வழியாகச் செல்கிறது. மேலே வலை இருப்பதால் வேர் மூச்சுத் திணறுவதில்லை. ஓரங்களில் மட்டும் குறைந்திருக்கிறது என்று நீங்கள் சொல்வதால், வலையைவிட அதற்குள் முடியை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதையே நான் கேட்பேன். நெற்றித் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கிக் கொண்டை போட்டு வருடக்கணக்கில் வேலை செய்தால், அந்த இழுவை தாங்காமல் காதோர முடி முதலில் போகும். கண்ணாடியில் பாருங்கள்: குறைந்த பகுதிக்கு முன்னால், நெற்றி விளிம்பில் மெல்லிய முடி ஒரு வரிசையாக மட்டும் மிச்சம் நின்றால் அது இழுவையின் அடையாளமாக இருக்கலாம். தொடக்கத்தில் கண்டுகொண்டு தளர்த்திவிட்டால் சில மாதங்களில் திரும்ப முளைக்க வாய்ப்பு உண்டு. அந்த இடம் வழவழப்பாகிப் பளபளக்கத் தொடங்கிவிட்டால் மீள்வது கடினம்; ஆகவே தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இரத்தச்சோகை, தைராய்டு போன்ற காரணங்களையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும். கொண்டையைத் தினமும் ஒரே இடத்தில் போடாதீர்கள். சான்று வாங்கி நெட்டை விடுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.

மேற்பார்வையாளருக்கு ஒரு வார்த்தை. காலையில் எண்ணெய் தேய்த்து வருவதையும் கவனியுங்கள். பொடுகோடு தொடர்புடைய ஈஸ்ட் கிருமி தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு வளர்வது. பொடுகு உள்ளவர் தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, அதன் மேல் எட்டு மணி நேரம் நெட் போட்டால் அரிப்பு கூடத்தான் செய்யும். எண்ணெய் வேண்டுமென்றால் முந்தைய இரவு கொஞ்சமாகத் தேய்த்து அலசிவிடலாம்.

நாகர்கோவில், ஹோட்டல் சமையல்காரர்:

எனக்கு தாடி உண்டு. முகக்கவசம் போட்டால் தாடி வலை தேவையில்லை என்பது என் அனுபவம். இரண்டையும் போட்டால் அடுப்பருகில் வியர்த்து, தாடை முழுவதும் ஊசி குத்துவது போல் அரிக்கிறது. அதோடு தாடி வலையும் நெட்டும் உருகும் வகைத் துணியால் ஆனவை. எண்ணெய்ச் சட்டிக்கு மேல் குனிகிறவனுக்கு அது ஆபத்தில்லையா?

கன்னியாகுமரி, மீன் பதப்படுத்தும் நிலையத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பணியில் இருப்பவர்:

அண்ணன் சொல்வதில் பாதி சரி. தாடி மிகக் குட்டையாக இருந்து முகக்கவசத்துக்குள் முழுவதும் அடங்கினால் சில நிறுவனங்கள் அதை ஏற்கின்றன. ஆனால் கண்ணாடி முன் நின்று, தினமும் அடுப்பங்கரையில் பேசுவது போலப் பேசிப் பாருங்கள். கவசம் கீழே இறங்கும், தாடையின் இரு மூலைகளும் காதோரக் கிருதாவும் தொண்டைப் பக்கத்து முடியும் வெளியே தெரியும். அந்த இடங்களைத்தான் தாடி வலை பிடிக்கிறது. வலை உள்ளே, கவசம் வெளியே என்பதே வரிசை.

அரிப்புக்கு என்னிடம் பலித்த வழி இது. தாடியை மெஷினால் ஒரே அளவாகக் குட்டையாக்கிக்கொண்டேன். முழுவதும் மழித்தால் எனக்கு முடி உள்நோக்கி வளைந்து பரு வந்துவிடும். இடைவேளைதோறும் வெறும் நீரால் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு வலை போடுகிறேன். நனைந்த வலையை மறுபடி மாட்டினால்தான் குத்தல் தொடங்குகிறது. காதுக்குப் பின்னால் புண் ஆவதற்குக் காரணம், நெட், தாடி வலை, கவசம் மூன்றின் எலாஸ்டிக்கும் ஒரே இடத்தில் உட்காருவது. தலைக்குப் பின்னால் கட்டும் வகைக் கவசத்தை நெட்டுக்கு மேலே கட்டிக்கொண்டால் காதுக்கு ஒரு சுமை குறையும்.

உருகும் துணி பற்றிய உங்கள் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். இந்த வலைகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அது சுமார் 160 டிகிரியில் உருகிவிடும், பொரிக்கும் எண்ணெய் அதற்கு மேல் சூடாக இருக்கும். சட்டியிலிருந்து ஓரடி தள்ளி நிற்கும் முகம் அந்தச் சூட்டை எட்டாது. ஆனால் தீ நாக்கு மேலே எழும் அடுப்பில் என்ன செய்வது? பருத்தித் தொப்பி போதும் என்று ஒரு தணிக்கையாளர் சொன்னார், உள்ளே வலையும் வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார்.

திருவட்டாறு, கல்யாணச் சமையல் செய்பவர்:

நாங்கள் தலையில் துவர்த்து கட்டித்தான் இத்தனை வருடமும் சமைக்கிறோம். வியர்வையையும் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. அது சட்டப்படி செல்லாதா?

கன்னியாகுமரி தரக் கட்டுப்பாட்டுப் பணியாளர்:

2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின் 4-ஆம் அட்டவணை தலையை மூட வேண்டும் என்றே சொல்கிறது. துவர்த்தில் உள்ள சிக்கல் வேறு. உச்சி மூடியிருக்கும், பிடரியும் காதோரமும் திறந்திருக்கும். முகத்தைத் துடைக்க அதையே அவிழ்த்து உதறிவிட்டு மறுபடி கட்டுகிறோம். உள்ளே ஒரு நெட் போட்டு, துவர்த்தை அதன் மேல் கட்டினால் உங்கள் வசதியும் போகாது. முகம் துடைக்கத் தனியாக ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப்பட்டணம், பேக்கரி ஊழியர்:

நான் தலையில் ஸ்கார்ஃப் அணிபவள். வீட்டிலிருந்து அணிந்து வந்த துணியின் மேல் நெட் போடச் சொன்னார்கள். நெட் பட்டுத் துணியில் வழுக்கி வழுக்கிப் பின்னால் போய்விடுகிறது. பஸ் தூசி பட்ட துணியோடு உள்ளே போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மார்த்தாண்டம் மேற்பார்வையாளர்:

எங்களிடம் ஒரு பெண்ணுக்கு இதே சிரமம் இருந்தது. பெண்கள் மட்டும் உள்ள உடை மாற்றும் அறையில், நெட்டை முடியின் மேல் நேரடியாக அணிந்து, அதன் மேல் தயாரிப்பகத்திலேயே துவைத்து வைத்த வெள்ளைப் பருத்தி ஸ்கார்ஃபை அவர் கட்டிக்கொள்கிறார். நுனிகள் கோட்டின் கழுத்துக்குள் போய்விடும். பருத்தி வழுக்குவதில்லை. ஆனால் வெளியே நீல நெட் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கேட்கும் தணிக்கையாளர்கள் உண்டு. அவர்கள் வரும் நாளில் அவர் ஸ்கார்ஃபின் மேல் இன்னொரு நெட்டையும் போட வேண்டியிருக்கிறது, அன்று மாலை அவருக்குத் தலைவலி. இதற்கு நல்ல வழி எனக்கு இன்னும் அகப்படவில்லை.

ஈரத் தலைக்கு வருகிறேன். வியாழக்கிழமை இரவே தலைக்குக் குளித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். ஏழு பேர் மாறிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலைக் குளியலை விட மனமில்லாத நால்வருக்காக, உடை மாற்றும் அறையில் ஒரு மின்விசிறி மாட்டியிருக்கிறேன். அவர்கள் கால் மணி நேரம் முன்னதாக வந்து அதன் கீழே கோட்டில்லாமல் உட்கார்ந்து முடியைக் காயவைக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தக் கால் மணி நேரம் போதவில்லை.