கழித்தல் சரி, கூட்டல் மட்டும் ஒன்று கூடுதல்: ஆடர்-சப்ட்ராக்டர் கட்டிய அனுபவம்

கம்பிவலை:
நான்கு பிட் ஆடர்-சப்ட்ராக்டர் ஒன்றை 74LS சிப்களை வைத்து பிரெட்போர்டில் கட்டினேன். முதலில் ஒரே ஒரு ஃபுல் ஆடர். ஒரு ஹாஃப் ஆடரில் A, B இரண்டையும் கொடுத்து, அதன் கூட்டுத்தொகையையும் உள்ளே வரும் கேரியையும் இரண்டாவது ஹாஃப் ஆடருக்குக் கொடுத்து, இரண்டின் கேரிகளையும் ஆர் கேட்டில் சேர்த்தேன். எட்டு உள்ளீட்டு நிலைகளையும் சோதித்த பிறகுதான் அப்படி நான்கை வரிசையாக இணைத்தேன்.

அப்புறம் கழித்தல். ஒவ்வொரு B பிட்டையும் ஒரு எக்ஸ்-ஆர் கேட் வழியே அனுப்பி, மறுமுனையில் M என்ற ஒரே கட்டுப்பாட்டுக் கம்பி. M 0 என்றால் B அப்படியே போகும், 1 என்றால் தலைகீழாகும். அதே M-ஐ முதல் கட்டத்தின் கேரி உள்ளீடான C0-க்கும் கொடுக்க வேண்டும். தலைகீழாக்கிய B-யுடன் 1 சேர்ந்தால்தான் அது −B ஆகும்.

M-ஐ 1 ஆக்கி 9−5 போட்டேன், 4 வந்தது. மகிழ்ச்சியோடு M-ஐ 0 ஆக்கி 3+2 போட்டால் 6. எதைக் கூட்டினாலும் ஒன்று அதிகம். கேட் ஒன்று பழுது என்று நினைத்து சிப்களை மாற்றியதில் ஒரு மாலை முழுக்கப் போனது. கடைசியில் 0+0 போட்டுப் பார்த்தேன், 1 வந்தது. B-யே இல்லாதபோது ஒன்று எங்கிருந்து வரும்? C0 முனையில் மல்ட்டிமீட்டரை வைத்தால் ஒன்றரை வோல்ட் அருகில் காட்டியது. M-இலிருந்து வரும் கம்பி ஒரு துளை தள்ளிச் செருகியிருந்தது. C0 எதோடும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. டிடிஎல் சிப்பில் தொங்கும் உள்ளீடு 1 போலவே நடந்துகொள்ளும். கழித்தலுக்கு 1தானே வேண்டும், அதனால் பிழை மறைந்துவிட்டது.

இரவுப்பணி:
எனக்கு இதன் நேர்மாறு. C0-ஐ நிலத்தில் கட்டிவிட்டு M-ஐ அதோடு இணைக்க மறந்தேன். கூட்டல் எல்லாம் சரி, 9−5 மட்டும் 3. எந்தப் பக்கம் ஒன்று தவறுகிறது என்று பார்த்தாலே C0 0-இல் மாட்டியிருக்கிறதா 1-இலா என்று தெரிந்துவிடும்.

புதுப்பலகை:
எனக்கும் இதே பிரச்சினைதான் என்று நினைக்கிறேன். ஆனால் என் விடை நிலையாகவே இல்லை, கையைக் கம்பி அருகே கொண்டுபோனால் மாறுகிறது. என்னுடையது 74HC.

பழைய சால்டரிங்:
அது வேறு விஷயம். HC சிமாஸ் வகை. அதில் தொங்கும் உள்ளீடு 1 என்று நம்பக் கூடாது, எந்தப் பக்கமும் போகும். C0-ஐ மட்டும் பார்த்தால் போதாது, பயன்படுத்தாத கேட்களின் உள்ளீடுகளையும் நிலத்திலோ 5 வோல்ட்டிலோ கட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

கம்பிவலைக்கு ஒன்று. உங்கள் பலகையில் மூன்று 7486, இரண்டு 7408, ஒரு 7432 இருக்கும், சரியா? அந்த ஆர் கேட்களுக்குப் பதில் எக்ஸ்-ஆர் போட்டாலும் விடை மாறாது.

இரவுப்பணி:
மாறுமே! இரண்டு கேரியும் 1 ஆனால் எக்ஸ்-ஆர் 0 தரும். கேரி தொலைந்துபோகும்.

பழைய சால்டரிங்:
எக்ஸ்-ஆர் பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் அந்த நிலையே வராது. முதல் ஹாஃப் ஆடர் கேரி தர A, B இரண்டும் 1 ஆக இருக்க வேண்டும். அப்போது அதன் கூட்டுத்தொகை 0. அந்த 0தான் இரண்டாவதன் அண்ட் கேட்டுக்குள் போகிறது, அது எப்படி 1 தரும்?

இரவுப்பணி:
தாளில் போட்டுப் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

கம்பிவலை:
இன்னொரு சந்தேகம். கம்பியைச் சரிசெய்த பிறகு 5−9 போட்டால் 1100, அதாவது 12. கேரி விளக்கு எரியவில்லை. 9−5-க்கு எரிகிறது. கடன் வாங்கும்போதுதானே எரிய வேண்டும்?

பழைய சால்டரிங்:
1100 என்பதே −4தான், குறியுள்ள எண்ணாகப் படித்தால். கழித்தலில் கேரி 1 என்றால் கடன் இல்லை, 0 என்றால் கடன் உண்டு. 0−0 போட்டுப் பாருங்கள்: 0000 + 1111 + 1, நான்கு பிட்டும் 0 ஆகி கேரி வெளியே வரும். விளக்கு எரியும், கடன் எதுவும் இல்லை.

இரவுப்பணி:
அப்படியென்றால் கேரியையும் M-ஐயும் எக்ஸ்-ஆர் செய்து விளக்குக்குக் கொடுத்துவிடுங்கள். கழிக்கும்போது கடன் என்றால் எரியும்.

பழைய சால்டரிங்:
நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஏஆர்எம், 6502 இரண்டும் கேரியை அப்படியே விட்டுவிடுகின்றன. எக்ஸ்86 தலைகீழாக்கிக் கடனாகக் காட்டுகிறது. இரண்டு வழியும் உண்டு. ஆனால் பிழை தேடும்போது ஆடரிலிருந்து வரும் அசல் கேரி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

இரவுப்பணி:
விளக்கைப் பார்ப்பவருக்கு அது குழப்பம்தானே. நான் தலைகீழாக்கித்தான் வைப்பேன்.

கம்பிவலை:
இரண்டு விளக்கும் வைக்கலாம் என்று பார்த்தேன், மூன்று 7486-இலும் ஒரு கேட்கூட மிச்சமில்லை. நாளைக்கு நான்காவது சிப் ஒன்று செருகிப் பார்க்கிறேன்.